ஒரு அப்பா எழுதிய கடிதம்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஊர் மாறி வந்ததில் மகனைப் புதுப் பள்ளியில் சேர்க்கப் போனாளாம். ஒரு தேர்வு வைத்துவிட்டு, "ஆறாவதில் வேண்டாம், ஐந்தாவதிலேயே போடுகிறோம்" என்று சொல்லிவிட்டார்களாம். "டீச்சர், ஒரு லெட்டர் எழுதணும், எப்படி எழுதுறது?" என்று கேட்டாள். அப்போது எனக்கு 2012 ஜூன் மாதம் ஞாபகம் வந்தது. அந்த முறை தேர்வு வைத்ததும் திருத்தியதும் நான்தான்.

மும்பையிலிருந்து ஒரு குடும்பம் ஊருக்கே திரும்பி வந்திருந்தது. பெண் பிள்ளை மராத்தி வழியில் நான்காவது முடித்தவள். மாற்றுச் சான்றிதழில் ஐந்தாம் வகுப்புக்குத் தேர்ச்சி என்று இருந்தது. நான் தமிழுக்கு 25, கணக்குக்கு 25 மதிப்பெண்ணில் தாள் கொடுத்தேன். தமிழில் 4. கணக்கில் பத்துச் சின்னக் கணக்கில் நான்குதான் சரி. ஐந்து வாக்கியக் கணக்கும் வெறுமையாக இருந்தன. "நான்காவதில் உட்கார வைக்கலாம் சார்" என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை.

மூன்றாம் நாள் அவள் அப்பாவின் கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில் ஒரு பக்கம். கோபமோ கெஞ்சலோ இல்லை. முதல் வரியிலேயே, "என் மகளை நான்காம் வகுப்பில் வைக்கும் முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று இருந்தது. அடுத்து, "தமிழ் எழுதப் படிக்க அவளுக்குத் தெரியாது. அது உண்மை. வீட்டில் பேச மட்டும் தெரியும்" என்று தானே ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு மூன்று வேண்டுகோள்கள். கணக்குத் தாளை டீச்சரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாக்கியக் கணக்கை யாராவது வாசித்துக் காட்டிக் கேட்க வேண்டும். காலாண்டுத் தேர்வு வரை ஐந்தாவதில் வைத்துப் பார்க்க வேண்டும். கூடவே அவளுடைய நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டையும் வைத்திருந்தார்.

அந்த நோட்டைத் திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மராத்தி வழியில் எண்களையும் தேவநாகரி எழுத்தில்தான் எழுதுவார்கள். அதில் ஒன்று என்பது பார்வைக்கு நம் 9 போலவே இருக்கும். பிள்ளை நம் எண்களில் எழுத முயன்றிருக்கிறாள். ஆனால் ஒன்று வரும் இடத்தில் மட்டும் கை பழக்கத்துக்குப் போயிருக்கிறது. 48-ஐயும் 73-ஐயும் கூட்டி 121 என்று எழுதியதை நான் 929 என்று படித்திருக்கிறேன். 34 பெருக்கல் 4-க்கு 136 என்று எழுதியது எனக்கு 936. தப்பு போட்ட ஆறு விடையிலும் ஒன்று இருந்தது. இரண்டு சின்ன எண்களைக் கூட்டினால் 929 எப்படி வரும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தாலே போதும். கணக்குத் தெரியாத பிள்ளையின் தப்புகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். ஒரே மாதிரித் தப்பு திரும்பத் திரும்ப வந்தால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

அவளைக் கூப்பிட்டு வாக்கியக் கணக்குகளை நான் வாசித்துக் காட்டினேன். ஐந்தில் நான்கைச் சரியாகச் செய்தாள்.

தலைமையாசிரியர் சட்டத்தையும் எடுத்துச் சொன்னார். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாவது வரை பிள்ளையைத் தேர்வு வைத்து வடிகட்டிச் சேர்க்கக் கூடாது என்கிறது. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்க்கத் தேர்வு வைக்கலாம். கீழே இறக்க அல்ல. அன்றே ஐந்தாவதில் உட்கார வைத்தோம்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். தினமும் பள்ளி விட்டபின் முக்கால் மணி நேரம் அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தேன். அரையாண்டுக்குள் மூன்றாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறாமல் வாசித்தாள். சமூக அறிவியலில் மட்டும் அந்த வருடம் முழுக்கத் திணறினாள். ஆனால் கணக்கில் அவளுக்கு ஒரு வருடம் வீணாகவில்லை.

என் மாணவியிடம் இதைத்தான் சொன்னேன். "சட்டத்தை முதல் வரியில் எழுதாதே அம்மா, கடைசியில் ஒரு வரி போதும். பிள்ளைக்கு எது வராதோ அதை நீயே சொல்லிவிடு. பழைய நோட்டை இணை. விடைத்தாளைப் பார்க்கணும்னு கேள். எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும்னு எழுது. ஒரு நகல் எடுத்து, அதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்."

நேற்று மறுபடி கூப்பிட்டாள். விடைத்தாளைக் காட்டச் சம்மதித்திருக்கிறார்களாம். திங்கட்கிழமை போகிறாள்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் நிறையப் பேர். வெளியூர்ப் பிள்ளையின் தாளைத் திருத்தும்போது, சிவப்பு மை போடுவதற்கு முன் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இது என்ன எண் கண்ணு?" என்று ஒருதரம் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.