கறுப்பு வெள்ளையில் ஒரு கண்ணாடி

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் பெண்களிடம் நம் வீட்டுப் பெரியவர்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "உன் நிறத்துக்கு இது எடுக்காதும்மா." கறுப்பாக இருந்தால் வெளிர் நிறம் வேண்டாம், சிவப்பாக இருந்தால் எதையும் கட்டலாம் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். வானொலியில் வேலை என்றாலும், வார இறுதிகளில் திருமண விருந்துகளில் நிகழ்ச்சி நடத்தப் போகிறவள் நான். மேடையில் எடுத்த படங்களைப் பல வருடங்களாகப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது வேறு. ஒரு உடை எடுப்பதும் எடுக்காததும் தோலின் நிறத்தை மட்டும் பொறுத்ததல்ல. முடி, தோல், கண் மூன்றுக்கும் நடுவே வெளிச்சத்தில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஆண்கள் உடையைப் பற்றி எழுதும் அமெரிக்கர் ஆலன் ஃபிளஸ்ஸர், 2002-இல் வந்த 'டிரெஸ்ஸிங் தி மேன்' நூலில் இதையே அளவுகோலாக வைத்தார். முகத்தில் இடைவெளி அதிகம் இருந்தால், உடையிலும் வெளிர் நிறத்தையும் அடர் நிறத்தையும் துணிந்து சேர்க்கலாம். முகத்தில் குறைவாக இருந்தால், உடையிலும் அருகருகே உள்ள நிறங்களைச் சேர்க்க வேண்டும். வானொலிக்காரி பாஷையில் சொன்னால், பின்னணி இசை குரலை மீறக்கூடாது. இங்கே முகம்தான் குரல்.

இடைவெளியை அளக்கக் கைப்பேசி போதும். பகல் வெளிச்சத்தில் சன்னலைப் பார்த்தபடி நில்லுங்கள். நேர் வெயில் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம், அழகுபடுத்தும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். முடி முகத்தின் இரு பக்கமும் தெரியட்டும். தாடைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் முக்கியம். கறுத்த முகத்தைக் கண்டால் கைப்பேசி தானாகவே படத்தை வெளுப்பாக்கிவிடும். தாளில் விழுந்திருக்கும் லேசான நிழல்கூடத் தெரியாமல் அது வெறும் வெள்ளைத் திட்டாக இருந்தால், படம் அதிகமாக வெளுத்திருக்கிறது என்று அறியலாம். அப்போது வெளிச்சத்தைக் குறைத்து மறுபடி எடுங்கள். பிறகு படத்தின் வண்ணத்தை முழுக்கக் குறைத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள்.

இப்போது முழுக் கறுப்பை 1, தாளின் வெள்ளையை 10 என்று வைத்து, முடி, தோல், கருவிழி மூன்றுக்கும் கண்ணளவில் எண் கொடுங்கள். மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறியதைக் கழியுங்கள். 2 அல்லது அதற்கும் கீழே வந்தால் இடைவெளி குறைவு, 3 அல்லது 4 என்றால் நடுத்தரம், 5 அல்லது அதற்கு மேல் போனால் அதிகம் என்பது என் கணக்கு. இது தராசு இல்லை, கண் மதிப்புதான். ஒன்று கூடக் குறையலாம்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு முடியும் கண்ணும் 1, தோல் 4. இடைவெளி 3. அக்கா என்னைவிட வெளுப்பு. அவளுக்குத் தோல் 7, முடி 1, இடைவெளி 6. கறுப்புச் சுடிதாருக்கு வெள்ளைத் துப்பட்டா போட்டால் அக்காவின் முகம்தான் முதலில் தெரியும். அதையே நான் போட்டால் துப்பட்டாவின் ஓரம் முதலில் தெரியும். எனக்கு அடர் நீலத்துடன் நடுத்தர நீலமோ, மாம்பழ மஞ்சளுடன் காப்பி நிறமோ சரியாக இருக்கிறது. வெளிர் நிறம் எனக்கு ஆகாது என்று இதற்குப் பொருள் இல்லை. வெள்ளைக் குர்த்தாவை மேலிருந்து கீழ் வரை ஒரே நிறமாகப் போட்டால் நன்றாகவே இருக்கிறது. துணிக்கும் முகத்துக்கும் நடுவே ஒரே ஒரு கோடுதான் விழும். கழுத்தருகே வெள்ளையும் கறுப்பும் மோதும்போதுதான் முகம் பின்னால் போகிறது.

அம்மாவின் கதைதான் எனக்குப் பிடித்தது. அம்மாவுக்குத் தோல் 3. முடிக்கு மை பூசிக்கொண்டிருந்தவரை முடி 1, இடைவெளி 2. அரக்கு உடல், கரும்பச்சைக் கரை போட்ட காஞ்சிபுரம் பட்டு அவருக்கு அப்படிப் பொருந்தும். வண்ணத்தில் அரக்கும் பச்சையும் எதிரெதிர். கறுப்பு வெள்ளைப் படத்திலோ இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். வண்ண வேறுபாடு வேறு, வெளிச்ச வேறுபாடு வேறு என்பதற்கு அந்தப் புடவையைவிட நல்ல சாட்சி இல்லை.

அறுபது தாண்டியதும் அம்மா மையை நிறுத்திவிட்டார். முடி 8-க்குப் போனது. முடிக்கும் தோலுக்கும் உள்ள இடைவெளி 2-லிருந்து 5 ஆகிவிட்டது. வெளுத்த தோல் உள்ளவர்களுக்கு இது தலைகீழாக நடக்கும். சித்திக்குத் தோல் 6. முடி நரைத்ததும் முடியும் தோலும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கருவிழிகள் மட்டுமே அடர்த்தியாக மிஞ்சியிருக்கின்றன. அவை சிறியவை என்பதால் பக்கத்தில் நின்றால்தான் தெரியும். நரை என்றால் எல்லாரும் மங்கலான நிறங்களுக்கு மாற வேண்டும் என்பது சித்திக்குப் பொருந்தலாம். அம்மாவுக்குப் பொருந்தாது.

தம்பி கல்யாணத்துக்கு அதே அரக்குப் புடவையைத்தான் கட்டுவேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். அரக்கு ரவிக்கையோடு கட்டிப் பார்த்தபோது முகம் புடவையோடு சேர்ந்துகொண்டது, வெள்ளை முடி மட்டும் தனியாக நின்றது. "கிழவி மாதிரி இருக்கேனாடி?" என்றார். புடவையை மாற்றவில்லை. ரவிக்கையை மட்டும் மாற்றினோம். சரிகையின் நிறத்துக்கு நெருக்கமான சந்தன நிறத் துணியைக் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் எடுத்துத் தைத்தோம். கறுப்பு வெள்ளையில் அது 7. முந்தானை இடது தோளை மூடினாலும், வலது தோளிலும் கழுத்தைச் சுற்றியும் ரவிக்கை தெரிந்தது. மேலே வெளிர் முடி, கீழே வெளிர் ரவிக்கை, நடுவில் முகம். முகத்துக்கு ஒரு சட்டம் போட்டதுபோல் ஆனது. கண்ணாடி முன் அம்மா நெடுநேரம் நின்றார், அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடியிலிருந்து நான்கைந்து அடி தள்ளி நின்று கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். முகம் கரைந்து துணியின் கோடு மட்டும் மிஞ்சினால் உடையில் இடைவெளி அதிகம். முகம் மட்டும் மிதந்து, உடை ஒரே பூசலாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் துணியலாம். கொண்டை போட்டு முடியைப் பின்னால் மறைத்தாலும், தலையைப் பழுப்பாகச் சாயமடித்தாலும், தடித்த கறுப்புக் கண்ணாடிச் சட்டம் மாட்டினாலும் கணக்கு மாறும். அதனால் அன்றைக்கு எந்தக் கோலத்தில் போகிறீர்களோ, அந்தக் கோலத்திலேயே பாருங்கள்.

இந்தக் கணக்கு எந்த நிறம் என்று சொல்லாது. இரண்டு நிறங்கள் எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்று மட்டுமே சொல்லும். அடுத்த முறை யாராவது "உன் நிறத்துக்கு எடுக்காது" என்றால், எந்தத் துணியோடு சேர்த்துப் போட்டால் என்று திருப்பிக் கேளுங்கள்.