எதிர்க்கடைக்காரர் விலையைக் குறைத்தால் நாமும் குறைக்க வேண்டுமா?



ஃபோனுக்கு ரீசார்ஜ் போடும்போதெல்லாம் என் தங்கை மகள் ஒரு கேள்வி கேட்பாள். "மாமா, மூணு கம்பெனியும் ஒரே வாரத்துல விலை ஏத்துறாங்களே, பேசி வெச்சுக்கிட்டுத்தான் செய்யறாங்களா?" கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்ல 2016-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ சேவை தொடங்கியது. அதற்கு முன் 1 ஜிபி டேட்டா 250 ரூபாய் அளவில் விற்றது, அதையும் மாதம் முழுவதும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்தோம். ஜியோ டிசம்பர் வரை எல்லாம் இலவசம் என்றது, பிறகு அதை 2017 மார்ச் வரை நீட்டித்தது. ஏர்டெல், வோடஃபோன், ஐடியா எல்லாருக்கும் ஒரே தலைவலி: நாமும் குறைப்பதா, வேண்டாமா?

இலவசத்தோடு யாரும் போட்டி போட முடியாது. அதனால் ஏர்டெல் எல்லாருக்கும் விலையை வெட்டவில்லை. அந்த டிசம்பரில் 345 ரூபாய்க்கு ஒரு பேக் கொண்டுவந்தது. இந்தியா முழுக்க எந்த நெட்வொர்க்குக்கும் பேசிக்கொள்ளலாம், 4ஜி ஃபோன் வைத்திருப்பவருக்கு 1 ஜிபி டேட்டா. பட்டன் ஃபோன்காரருக்கு டேட்டா வெறும் 50 எம்பி. காரணம் எளிது. ஜியோ சிம் 4ஜி ஃபோனில்தான் வேலை செய்யும். ஆகவே ஓடிப்போகக்கூடியவர் 4ஜி ஃபோன்காரர்தான். பட்டன் ஃபோன் வைத்திருக்கும் பாட்டி எங்கே போகப் போகிறார்?

இந்தக் கணக்கு பெரிய கம்பெனிக்கு மட்டும் உரியது அல்ல. என்னிடம் படித்த ஒரு பையன் (பையன் என்ன, இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா) தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அந்தத் தெருவில் மொத்தமே மூன்று கடைதான். போன மாதம் பக்கத்துக் கடைக்காரர் ஒரு பக்கம் 2 ரூபாயிலிருந்து 1.50-க்கு இறக்கிவிட்டார். "சார், நானும் இறக்கிடட்டுமா? கடன் தவணை வேற இருக்கு" என்று ஃபோன் செய்தான். "முதல்ல நோட்டை எடு" என்றேன்.

அவனுக்குத் தாள், மை, கரண்ட் எல்லாம் சேர்த்துப் பக்கத்துக்கு 1 ரூபாய் ஆகிறது. தினமும் 1000 பக்கம் ஓடுகிறது. 2 ரூபாய்க்கு விற்றால் பக்கத்துக்கு 1 ரூபாய் மிச்சம், நாளுக்கு 1000 ரூபாய். 1.50-க்கு இறக்கினால் மிச்சம் 50 காசுதான், நாளுக்கு 500 ரூபாய். விலை குறைந்தது கால் பங்கு, லாபம் குறைந்தது பாதி! விலையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை.

இறக்காமல் இருந்தால்? கொஞ்சம் பேர் போவார்கள். 300 பக்கம் போனாலும் மீதி 700-க்கு 700 ரூபாய் கிடைக்கும். ஆக, பாதி வியாபாரத்துக்கு மேல் போனால் மட்டுமே முழுதாக இறக்குவதில் அர்த்தம் உண்டு. அவ்வளவு போகுமா என்பதுதான் கேள்வி. பக்கத்துக் கடையில் ஒரே ஒரு மெஷின். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை அங்கே வரிசை நிற்கும். ஆபீஸ் மூடுவதற்குள் மனு கொடுக்க வந்தவர் 50 காசுக்காக வரிசையில் நிற்க மாட்டார். எதிராளியால் எவ்வளவு சரக்குத் தள்ள முடியும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் அவனுக்கு இரண்டு டியூஷன் சென்டர் வாடிக்கை. இருவரும் சேர்ந்து தினம் 400 பக்கம். அவர்கள் மாதக் கணக்குப் பார்ப்பவர்கள், நிச்சயம் போய்விடுவார்கள். போனால் மிஞ்சுவது 600 ரூபாய். அதனால், "100 பக்கத்துக்கு மேல் எடுத்தால் 1.50" என்று போர்டு எழுதச் சொன்னேன். அந்த 400-க்கு 200 ரூபாய், மற்ற 600-க்கு 600 ரூபாய், மொத்தம் 800. முழுதாக இறக்கினால் 500, ஒன்றுமே செய்யாமல் இருந்தால் 600. ஏர்டெல் 4ஜி ஃபோன்காரருக்குச் செய்ததும் இதே வேலைதான்.

இன்னொன்றும் சொன்னேன். அவர் ஏன் குறைத்தார் என்று விசாரி. கூட்டம் இழுக்கத்தான் என்றால், மொத்த வாடிக்கை உன்னிடமே நிற்பதைப் பார்த்ததும் தனக்கு லாபம் இல்லை என்று புரிந்துகொண்டு நிறுத்திவிடலாம். புது மெஷின் வாங்கி அவருக்குச் செலவே 60 காசுதான் என்றால் நிறுத்த மாட்டார். அப்போது விலையில் மல்லுக்கு நிற்காமல், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று அவரிடம் இல்லாத வேலையைப் பிடி. எப்படியானாலும் 1 ரூபாய்க்குக் கீழே போகாதே. அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு பக்கமும் உன் கைக்காசு.

ஜியோ இந்த இரண்டாவது வகை. புத்தம் புது 4ஜி நெட்வொர்க், பின்னால் ரிலையன்ஸின் பணம். எதிராளிகள் பின்தொடர்ந்தும் அது நிற்கவில்லை. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் மொபைல் சேவையை மூடியது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல் 2018-இல் திவால் மனு போட்டது. அதே ஆண்டு வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன. கடைசியில் தனியாரில் மூன்று பேர்தான் மிச்சம்.

இனி தங்கை மகளின் கேள்விக்கு வருகிறேன். மூன்றே பேர் இருக்கும் சந்தையில், இறக்கும்போது மற்றவர் பின்தொடர்வது போலவே ஏற்றும்போதும் பின்தொடரலாம். 2021 நவம்பர் 22-ஆம் தேதி ஏர்டெல் விலை உயர்வை அறிவித்தது. 149 ரூபாய் பிளான் 179 ஆனது. மறுநாளே வோடஃபோன் ஐடியாவும் 149-ஐ 179 ஆக்கியது. 28-ஆம் தேதி ஜியோ 129-ஐ 155 ஆக்கியது. 2024-இல் முந்திக்கொண்டது ஜியோ. ஜூன் 27 அன்று அது அறிவிக்க, மறுநாள் மற்ற இரண்டும் அறிவித்தன. ஒருவர் முதலில் ஏற்ற, மற்றவர் பார்த்துப் பின்னால் வருவதை விலைத் தலைமை என்கிறார்கள். முதலில் ஏற்றுபவருக்கு ஆபத்து உண்டு. மற்றவர் வராவிட்டால் வாடிக்கை போய்விடும். அதனால்தான் முன்கூட்டியே தேதி போட்டு அறிவிக்கிறார்கள்.

இது குற்றமா? ஒருவர் விலையைப் பார்த்து மற்றவர் தானாக ஏற்றுவது மட்டும் குற்றம் ஆகாது. கூடிப் பேசி முடிவு செய்தால் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி குற்றம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பேசிக்கொண்டதற்குச் சாட்சி இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். 2024-இல் பிஎஸ்என்எல் விலையை ஏற்றவில்லை, அடுத்த சில மாதம் லட்சக்கணக்கானோர் அங்கே போனார்கள். பின்தொடராத ஒருவர் சந்தையில் இருப்பது நமக்கு நல்லது. ஆனால் அவருடைய டவரும் நன்றாக எடுக்க வேண்டுமே!

ஜெராக்ஸ் கடைக்காரனுக்கும் இதை எச்சரித்து வைத்தேன். "அந்த அண்ணன்கிட்டப் போய், ரெண்டு பேரும் 2 ரூபாய்க்கே விப்போம்னு பேசிடாதே. உன் போர்டை மட்டும் நீ எழுது."

கடை வைத்திருக்கும் மற்ற பிள்ளைகளும் ஒருமுறை நோட்டில் போட்டுப் பாருங்கள். இறக்கினால் மிஞ்சும் லாபத்தைப் பழைய விலையில் ஒரு பொருளுக்குக் கிடைக்கும் லாபத்தால் வகுங்கள். வரும் எண்ணிக்கைக்குக் கீழே வியாபாரம் போகும் என்றால் மட்டும் இறக்குங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள். இப்போது திருத்த விடைத்தாள் இல்லை, நேரம் நிறைய இருக்கிறது.