ஆள் மறைய வேண்டும், பெயரின் வடிவம் நிற்க வேண்டும்

இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் வந்து சேரும் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுத் துறையை எடுத்துக்கொள்ளலாம். மாணவர் பெயர், தந்தை பெயர், கைபேசி எண், கட்டணம், விண்ணப்பக் குறிப்பு ஆகிய அனைத்தும் அதன் தரவுத்தளத்தில் உள்ளன. தேர்வு நுழைவுச் சீட்டை அச்சிடும் நிரலை மாற்றி எழுத வேண்டிய மென்பொருளாளருக்குச் சோதனைக்காக அந்தத் தரவுத்தளத்தின் படி ஒன்று தேவைப்படுகிறது. மாணவர்கள் தங்கள் விவரங்களைத் தந்தது தேர்வு எழுதுவதற்காக. முகம் தெரியாத ஒருவரின் மடிக்கணினியில் கிடப்பதற்காக அன்று. ஆகவே படியைக் கொடுக்கும் முன் அடையாளங்களை அழித்தாக வேண்டும்.

இதற்கு மிக எளிய வழி, எல்லாப் பெயர்களையும் ‘மாணவர்1’, ‘மாணவர்2’ என்று மாற்றிவிடுவது. ஆட்கள் மறைந்துவிடுவார்கள். கூடவே, சோதனையில் அகப்பட்டிருக்க வேண்டிய பிழைகளும் மறைந்துவிடும்.

‘கிருஷ்ணமூர்த்தி’ என்ற பெயரில் கண்ணுக்குத் தெரிவன எட்டு எழுத்துகள். யூனிகோடு முறையில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், அதே பெயர் 15 குறியீடுகளாகிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் கொள்வதால் மொத்தம் 45 பைட். நுழைவுச் சீட்டு நிரல் பெயருக்கென 40 பைட் மட்டும் ஒதுக்கி, மிஞ்சுவதை வெட்டிவிடுவதாக வைத்துக்கொண்டால், சீட்டில் ‘கிருஷ்ணமூர்த்’ என்பதும் அதன்பின் ஓர் உடைந்த குறியும் அச்சாகும். தேர்வுக் கூடத்தின் வாயிலில் சிக்கிக்கொள்பவர் அந்த மாணவர். ‘மாணவர்1’ என்ற பெயரை ஆயிரம் முறை அச்சிட்டாலும் இந்தப் பிழை வெளிப்படாது. ‘தட்சிணாமூர்த்தி’ என்று மாற்றியிருந்தால் முதல் சோதனையிலேயே வெளிப்பட்டிருக்கும். அதுவும் எட்டு எழுத்து, 15 குறியீடு, 45 பைட்.

எனவே மாற்றுப் பெயர்களின் பட்டியல் வடிவ வாரியாகத் தயாராக வேண்டும். எந்த எழுத்துமுறை, எத்தனை குறியீடு, எத்தனை சொல், தலைப்பெழுத்து உண்டா, அதன்பின் புள்ளி உண்டா என்பவை சேர்ந்ததே ஒரு வடிவம். தெலுங்கர் பலரின் வீட்டுப் பெயர் முன்னால் நிற்கும். குஜராத்தியர் பலரின் தந்தை பெயர் நடுவில் நிற்கும். தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே இராது. ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டம் வெற்றாக இருப்பதும் ஒரு வடிவம்தான். அதை நிரப்பிவிட்டால் அந்த வெற்றிடத்தில் தடுக்கி விழும் நிரல் சோதனையில் தப்பிவிடும்.

அடுத்தது உறவு. ‘மு. செந்தில்’ என்ற மாணவரின் தந்தை பெயர்க் கட்டத்தில் ‘முருகன்’ என்றிருக்கும். இரண்டையும் தனித்தனியே மாற்றினால் ‘மு’வுக்கும் தந்தைக்கும் தொடர்பு அறுந்துவிடும். முதலில் தந்தை பெயரை மாற்றி, புதிய பெயரிலிருந்து தலைப்பெழுத்தை எடுக்க வேண்டும். ஆனால் தாயின் தலைப்பெழுத்தை இட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். மூலத்தில் தலைப்பெழுத்து தந்தையோடு பொருந்தவில்லையெனில் படியிலும் பொருந்தாமலே இருக்க வேண்டும். எல்லோரையும் ஒழுங்குபடுத்திவிட்டால், அத்தகையவர்களின் விண்ணப்பங்களை மட்டும் தள்ளிவிடும் பிழை யார் கண்ணிலும் படாது.

உடன்பிறந்த இருவரின் தந்தை பெயர் ஒரே மாதிரி மாற வேண்டும். ஒரே கைபேசி எண் மாணவர் அட்டவணையிலும் கட்டண அட்டவணையிலும் ஒரே புதிய எண்ணாக வேண்டும். ஆகவே மாற்றம் குலுக்கல் முறையில் நிகழக் கூடாது. ஒரு மூல மதிப்புக்கு எப்போதும் ஒரே விடை வர வேண்டும். பலர் இதற்கு வெறும் ஹாஷ் போதும் என எண்ணுவர். 2014இல் நியூயார்க் நகர வாடகைக் கார்ப் பயணத் தரவு வெளியானபோது, வண்டி உரிம எண்கள் எம்டி5 ஹாஷாக மாற்றப்பட்டிருந்தன. சாத்தியமான உரிம எண்கள் மொத்தமே சில கோடிதான் என்பதால், அனைத்தையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டு உண்மை எண்களை மீட்டுவிட்டார்கள். இந்தியக் கைபேசி எண்ணுக்குப் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. எண்ணிப் பார்த்தால் 400 கோடி, கணினிக்கு இதுவும் சிறிய தொகையே. ஆகவே ஹாஷோடு ஒரு இரகசியத் திறவுகோல் சேர வேண்டும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் `pgcrypto` நீட்சி இதற்கு உதவும்:

```sql
SELECT encode(hmac(father_name, :'key', 'sha256'), 'hex')
FROM student;
```

இதன் விடையைக் கொண்டு, பொருத்தமான வடிவப் பட்டியலில் எத்தனையாவது பெயரை எடுப்பது எனத் தீர்மானிக்கலாம். திறவுகோல் படியோடு பயணம் செய்யக் கூடாது.

இதுவரை பேசியவை கட்டங்களுக்குள் அடங்கிய பெயர்கள். விண்ணப்பக் குறிப்பு என்ற உரைப் பகுதியில் மொழி வேறுவிதமாக இயங்குகிறது. ‘செல்வத்திடம் சான்றிதழ் உள்ளது’, ‘முருகனுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது’ என்றெல்லாம் அங்கே எழுதியிருப்பார்கள். பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ‘செல்வம்’ என்று தேடினால் ‘செல்வத்திடம்’ அகப்படாது. அத்துச் சாரியை வந்து மகரத்தை நீக்கிவிட்டது. ‘முருகன்’ என்று தேடினால் ‘முருகனுக்கு’ அகப்படாது. புள்ளி இருந்த இடத்தில் உகரக் குறி வந்து அமர்ந்துவிட்டது. ‘கோமதி’யில் உள்ள ஓகாரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும், ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் பதிக்க முடியும், திரையில் ஒன்றேபோல் தெரியும் அவை கணினிக்கு வேறு வேறு சொற்கள். ஆங்கிலப் பெயர்களுக்காக எழுதப்பட்ட மறைப்புக் கருவி, வேற்றுமை உருபு ஏற்ற தமிழ்ப் பெயர்கள் பலவற்றை அப்படியே விட்டுச் செல்லும். அந்தப் பெயர்களுக்குப் பக்கத்திலேயே நோயும் வறுமையும் எழுதப்பட்டிருக்கும். ஆகவே குறிப்புப் பகுதியில் சொல் சொல்லாக மறைக்க முயல்வதைக் கைவிட்டு, பகுதி முழுவதையும் அதே நீளமுள்ள, அதே எழுத்துமுறையிலமைந்த கற்பனை உரையால் மாற்றுவதே பாதுகாப்பு.

பணி முடிந்ததை அறியச் சில சோதனைகள் உண்டு. ஒவ்வொரு வடிவத்திலும் மூலத்தில் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேர் படியிலும் இருக்க வேண்டும். மாணவர் இல்லாத கட்டண வரி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. குறிப்புகளில் தேடும்போது மூலப் பெயர்களை அப்படியே தேடாமல், இறுதிப் புள்ளியை நீக்கியும், மகர ஈற்றை ‘த்த’ ஆக்கியும், ஓகாரத்தை இரு முறையிலும் எழுதியும் தேட வேண்டும்.

இவ்வளவும் செய்த பின் ஒரு முரண் எஞ்சுகிறது. வடிவமே சில வேளை ஆளைக் காட்டிக்கொடுக்கும். பல்கலைக்கழகம் முழுவதிலும் நான்கு சொற்களில் மிக நீண்ட பெயர் கொண்டவர் ஒருவரே என்றால், பெயரை மாற்றினாலும் அவருடைய துறைத் தோழர்கள் அந்த வரியை அடையாளம் கண்டு மதிப்பெண்ணைப் படித்துவிடலாம். ஆனால் நிரலை உடைக்கக்கூடியதும் பெரும்பாலும் அந்த அரிய பெயரே. இரண்டையும் ஒரே வரியில் காப்பாற்ற முடியாது. ஐவருக்கும் குறைவானோர் கொண்ட வடிவங்களின் வரிகளை, அவற்றோடு இணைந்த கட்டண, தேர்வு வரிகளையும் சேர்த்துப் படியிலிருந்து நீக்கிவிட்டு, அதே வடிவத்தில் முற்றிலும் புனைந்த மாணவர்களைச் சேர்க்கலாம். ஐந்து என்பது ஒரு துறையின் தேர்வுதான். பதிவுகள் குறைந்த இடத்தில் அதை உயர்த்த வேண்டும். வடிவ எண்ணிக்கைச் சோதனை இவ்வரிகளில் மட்டும் பொருந்தாது. எங்கெங்கே பொருந்தாது, ஏன் என்பதைப் படியோடு எழுதிவைத்தால், அடுத்து வரும் மென்பொருளாளர் அதைப் பிழையெனக் கருதி மூலத்தை மீண்டும் கேட்க வரமாட்டார்.