தொப்புளுக்கு மருந்து பூசலாமா?

கட்டுகஸ்தோட்டையில் என் அடுத்த வீட்டில் தங்கிப் படிக்கும் தாதி மாணவி ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொண்டு வந்தாள். "அக்கா, தொப்புளில் குளோர்ஹெக்சிடின் பூசினால் சிசு மரணம் 24 வீதம் குறையுதாம். நாங்கள் ஏன் பூசுவதில்லை?"

நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் செய்து, 2006இல் வெளியான ஆய்வு அது. 15,000க்கும் கூடிய குழந்தைகள். எந்தப் பகுதிக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். அதனால் நல்ல வசதியுள்ள ஊர்களுக்கே மருந்து போயிருக்கும் என்ற சந்தேகம் குறைகிறது. மருந்து பூசியது பார்ப்பவருக்குத் தெரியும். சிவப்பு, சீழ் என்று சொல்வதில் மனம் சாயலாம். மரணத்தை எண்ணுவதில் அப்படிச் சாய இடமில்லை.

ஆனால் அந்த 24ஐச் சுற்றியுள்ள வீச்சையும் பார்க்கச் சொன்னேன். பயனே இல்லாதிருக்கவும் அதில் இடமிருந்தது. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் பூசிய குழந்தைகளிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்தது, யார் இந்தக் குழந்தைகள்? பெரும்பாலும் வீட்டில் பிறந்தவர்கள். இங்கே அநேகமாக எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில். சாம்பியாவில் செய்து, 2016இல் வெளியான ஆய்வில் அதே மருந்து மரணத்தைக் குறைக்கவில்லை. சாணம் போன்ற கெடுதியானவற்றைத் தொப்புளில் பூசும் வழக்கமுள்ள இடங்களுக்கு மட்டுமே உலக சுகாதார நிறுவனம் 2022இல் இதைச் சொல்கிறது.

வன்னியில் கூடாரத்தில் பெற்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு விடை வேறாக இருந்திருக்கலாம்.

எங்கள் வாட்டில் தொப்புள் உலர்வாகவே இருக்கும். துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். சுற்றிலும் சிவப்புப் பரவினாலோ, சீழ், துர்நாற்றம் கண்டாலோ உடனே வைத்தியசாலைக்கு.