‘அதான் வாய்ஸ்ல சொன்னேனே!’ - எதைப் பேசலாம்... எதை மெயிலில் எழுத வேண்டும்?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை என்றால், பாதி நாள் போனிலேயே போய்விடும். ஒரு பக்கம் ஆர்டர் தரும் பையிங் ஆபீஸ், இன்னொரு பக்கம் நிட்டிங், டையிங், பிரின்டிங் யூனிட்கள். இங்கே சொன்னதை அங்கே கொண்டுசேர்ப்பதுதான் வேலையே.

அப்படி வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவருக்கு பையிங் ஆபீஸ் மேடத்திடமிருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. “அந்த நேவி ப்ளூ, ரெண்டாவது அனுப்பினீங்களேம்மா, அது ஓகே. அப்புறம் துணி 180 ஜி.எஸ்.எம். வேணாம், 160 போதுமாம். ஷிப்மென்ட்டை ஒரு வாரம் முன்னாடி கொடுக்கப் பாருங்க.”

கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது. டையிங் யூனிட்டுக்குச் சொல்ல உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. மொத்தத் துணிக்கும் சாயம் போடும் முன், சிறு துண்டுகளில் ஏ, பி, சி என்று சற்றே மாறுபட்ட சாயல்களைப் போட்டு அனுப்புவார்கள். இதற்கு லேப் டிப் என்று பெயர். இந்த ஆர்டருக்கு அது இரண்டு முறை போயிருந்தது. ‘ரெண்டாவது’ என்றால் ‘பி’யா, இரண்டாவது முறை அனுப்பியதா? அதிலும் எது? 160 என்பது நேவிக்கு மட்டுமா, எல்லா கலருக்குமா? ‘கொடுக்கப் பாருங்க’ என்பது கட்டளையா, வேண்டுகோளா?

அவர் பதில் வாய்ஸ் நோட் போடவில்லை. ஆர்டர் எண்ணையும் ‘நேவி கலர், துணி எடை, தேதி - உறுதி செய்யவும்’ என்பதையும் சப்ஜெக்ட்டில் போட்டு ஒரு மெயில் எழுதினார்.

“வணக்கம் மேடம். காலையில் நீங்கள் சொன்னதை நான் புரிந்துகொண்டது இது:
1. நேவி: இரண்டாவது முறை அனுப்பியதில் லேப் டிப் ‘பி’.
2. துணி: எல்லா கலருக்கும் 160 ஜி.எஸ்.எம்.
3. ஷிப்மென்ட்: ஒரு வாரம் முன்னதாக.
சரியா என்று இன்று மாலைக்குள் சொன்னால், நாளை காலை நிட்டிங் தொடங்கிவிடுவோம்.”

பதில் உடனே வந்தது. நேவிக்கு ‘பி’ இல்லை, ‘சி’. 160 நேவிக்கு மட்டும். தேதி, முடிந்தால் போதும். மூன்றிலுமே திருத்தம்!

மெயில் போகாமல் இருந்திருந்தால்? துணியின் எடை பெரும்பாலும் நிட்டிங்கிலேயே முடிவாகிவிடும். 160-ல் ஓட்டிய துணியைப் பிறகு 180 ஆக்க முடியாது. தவறான சாயத்தை உரித்து மறுபடி போடலாம், ஆனால் துணி பலமிழக்கும். அதன் பிறகு “அதான் வாய்ஸ்ல சொன்னேனே” என்று ஒருவரும், “நீங்க ‘பி’ன்னுதான் சொன்னீங்க” என்று இன்னொருவரும் வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதற்காக எல்லாவற்றையும் மெயிலில் எழுதவும் முடியாது. டையிங் மாஸ்டர் அண்ணன் மெயிலைத் திறப்பதே அபூர்வம். கையில் ஈரத்தோடு மெஷின் பக்கத்தில் நிற்பவர். “அண்ணா, சாம்பிள் வாங்க பையன் அஞ்சு மணிக்கு வருவான்” என்பதற்கு வாய்ஸ் நோட்தான் சரி. மாலைக்குள் அந்தச் செய்தியின் ஆயுள் முடிந்துவிடும். கழுத்து ரிப் சுருங்கி விழுவதை விளக்கவும், பத்து வரி மெயிலைவிட ஒரு வீடியோவும் அரை நிமிடப் பேச்சும் மேல். ஆனால் அதே அண்ணனுக்கு கலர் ஓகே சொல்லும்போது, “நேவி, லேப் டிப் சி, 160 ஜி.எஸ்.எம்.” என்று டைப் செய்தே அனுப்புகிறார் அந்தப் பெண். ‘சரி’ என்ற பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்கிறார். கூடவே, ஓகே ஆன துணித்துண்டும் யூனிட்டுக்குப் போகிறது. போன் திரையில் தெரியும் நேவியை நம்ப முடியாதே!

இதில் கவனிக்க வேண்டியது இரண்டுதான். ஒரு மாதம் கழித்து இந்தச் செய்தியைத் தேடி எடுக்க வேண்டியிருக்குமா? நம் இருவரையும் தவிர மூன்றாவது ஆள் யாராவது இதைப் பார்க்க வேண்டுமா? ஏதாவது ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் மெயில். எண், தேதி, விலை, அளவு வந்தாலே பெரும்பாலும் ‘ஆம்’தான். இங்கேகூட துணி எடை குறைந்ததால் விலையை மறுபடி பேச வேண்டி வரும். அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு வாய்ஸ் நோட்டை ஃபார்வேர்டு செய்தால் யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

இன்னொன்றும் உண்டு. வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியவரே இரண்டு நாளுக்குள் எல்லோருக்குமாக அழித்துவிடலாம். போன் தொலைந்தால், பேக்கப் இல்லாவிட்டால் சாட்டும் போச்சு. சொந்த நம்பரில் பேசியவர் வேலையை விட்டுப் போனால், பேச்செல்லாம் அவரோடு போய்விடும். ஆபீஸ் மெயில் ஆபீஸிலேயே இருக்கும். அடுத்து வருபவர் திறந்து பார்த்து வேலையைத் தொடரலாம்.

“எழுதித் தாங்க” என்று கேட்டால் நம்பவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் பலருக்கு. அந்தப் பெண் யாரையும் எழுதச் சொல்லவில்லை; தானே எழுதி, சரியா என்று மட்டும் கேட்டார். மேடத்துக்கும் திருத்த இரண்டு நிமிடம்தான் ஆனது.