8 அடியில் எத்தனை அங்குலம்?

கனடாவில் இருக்கும் தம்பி, அம்மாவுக்குப் புதிய தொலைக்காட்சி வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறான். "65 அங்குலத்திலேயே வாங்குங்கோ அண்ணா, 4கே" என்பது அவன் கட்டளை. திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கத்து வீடுகளின் முன்னறைகள் அவனுடைய ஊர் அறைகளைப் போன்றவை அல்ல. எங்கள் அறையில் சுவருக்குச் சுவர் 11 அடி. தொலைக்காட்சி மேசையும் சாய்மனைக் கதிரையும் எடுத்துக்கொண்டது போக, கண்ணுக்கும் திரைக்கும் இடையில் எஞ்சுவது 8 அடி. கணக்கு இந்த 8 அடியில்தான் தொடங்க வேண்டும்.

குறையற்ற கண், அதாவது வைத்தியர் 6/6 என்று எழுதும் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்தறியும். 8 அடியில் அது ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர். அதனினும் சிறிய புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 55 அங்குலத் திரையில் 1080 தரத்துப் புள்ளி ஒன்றின் அகலம் 0.63 மில்லிமீற்றர்; அதுவே கண்ணின் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. 4கேயின் புள்ளி அதிலும் பாதி. ஆகவே எங்கள் அறையில் 4கே கண்ணுக்குத் தரும் கூடுதல் பயன் அநேகமாக ஒன்றுமில்லை. (இந்த அளவில் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 4கேதான்; அதை மறுக்க வேண்டியதில்லை, அதற்கென்று கூடுதல் விலை கொடுக்காமல் இருந்தால் போதும்.)

உண்மையான சிக்கல் மறுபக்கத்தில் இருக்கிறது. 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது படத்தைச் சுமந்தவை 576 வரிகள். இன்றும் பல தமிழ் அலைவரிசைகள் அந்தத் தரத்திலேயே வருகின்றன. 55 அங்குலத்தில் அந்த வரி ஒன்றின் உயரம் 1.2 மில்லிமீற்றர். பெட்டிக்குள் இருக்கும் செயலி வரிகளைப் பெருக்கிக் காட்டும்; ஆனால் இல்லாத நுணுக்கத்தை அதனால் உண்டாக்க முடியாது. செய்தி வாசிப்பவரின் முகம் எனக்கு மெழுகு பூசியதுபோல் தெரியும். எனக்காக வாங்குவதென்றால் 43 அங்குலத்தோடு நிறுத்துவேன்.

ஆனால் பார்க்கப்போவது அம்மா. கண்புரை வளர்ந்து அவர் பார்வை 6/12 ஆகிவிட்டது. அவர் பிரித்தறியும் மிகச்சிறிய அளவு என்னுடையதைப்போல் இரு மடங்கு, 1.4 மில்லிமீற்றர். எனக்கு உறுத்தும் வரிகள் அவருக்குத் தெரியவே தெரியா. மாறாக, திரையின் அடியில் ஓடும் செய்தி எழுத்துகள் 43 அங்குலத்தில் அவருக்குச் சிறியவை. 65 அங்குலத்தில் அந்த 576 வரிகளும் அவருடைய எல்லையைச் சரியாகத் தொட்டுவிடும். எனவே 55 என்று தம்பிக்கு எழுதிவிட்டேன்.

சத்திரசிகிச்சைக்குப் பின் அம்மாவின் பார்வை தெளிந்தால், அதே திரையில் செய்தி அவருக்கும் மங்கலாகத் தோன்றும். அப்போது அவர் 13 அடிக்கு மேல் பின்னால் அமர வேண்டும். எதிரே இருக்கும் விறாந்தைக் கதவைத் திறந்து வைத்தால் அவ்வளவு தூரம் கிடைக்கும். கடற்காற்று வரும் இடம் என்று அவர் கதிரையை அங்கே போடச் சொல்லி வெகுநாளாயிற்று.