ஏழாயிரத்துக்கு ஒரு ஆடிட்!

பி.காம். படித்தவனுக்கு உத்தியோகம் கிடைக்கிறதோ இல்லையோ, சொந்தக்காரர்கள் மத்தியில் ஆடிட்டர் பட்டம் இலவசமாகக் கிடைத்துவிடும். கல்யாண வீட்டு மொய்க் கணக்கு, கோயில் கொடை வரிக் கணக்கு, சீட்டுத் தகராறு... எல்லாம் நம் தலையில்தான். அந்த வரிசையில் 2025 செப்டம்பரில் என்னிடம் வந்த கேஸ், என் அக்கா மகள்.

அவள் கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம், ஹாஸ்டல் வாசம். அத்தானுக்குக் கோவில்பட்டியில் மளிகைக் கடை. காலேஜ் ஃபீஸையும் ஹாஸ்டல் வாடகையையும் அவரே கட்டிவிடுவார். மெஸ் பில், கைச்செலவு இரண்டுக்குமாக மாசம் ஏழாயிரம் ரூபாய், ஒண்ணாம் தேதி டாண் என்று அவள் அக்கவுண்டுக்குப் போய்விடும். செப்டம்பர் ஒண்ணாம் தேதி அவள், "அப்பா, இந்த மாசம் ஐந்நூறு சேர்த்து அனுப்புறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான்! "ஆகஸ்ட் மாச ஸ்டேட்மென்ட்டை அனுப்பு" என்று உத்தரவாகிவிட்டது. அவளும் அனுப்பிவிட்டாள். நாலு பக்கம்.

அத்தான் அதைப் பிரிண்ட் எடுத்து, சிவப்பு மையில் வட்டம் வட்டமாகப் போட்டு வைத்திருந்தார்.

"மாப்ளே, நான் அனுப்புதது ஏழாயிரம். இவ செலவு பண்ணியிருக்கது 9,960. மிச்சத்த யாரு குடுக்கா? அதுலயும் ஒரு ஆம்பிளப் பேரு ஒன்பது தடவ வருது. எவன் அவன்?"

அக்கா அடுக்களை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நிலைமை சீரியஸ்!

முதலில் அந்த 'எவன்' விவகாரம். யூபிஐ-யில் சின்னக் கடைகளுக்குப் பணம் போட்டால் பெரும்பாலும் கடைப் பெயர் வராது, முதலாளியின் பெயர்தான் வரும். போன் போட்டுக் கேட்டேன். "அது ஜெராக்ஸ் கடைத் தாத்தா, மாமா" என்றாள். அறுபத்தைந்து வயதாம். அத்தான் ஒரு வட்டத்தை அடித்தார்.

அடுத்தது, ஏழாயிரம் எப்படி 9,960 ஆனது? பேங்க் ஸ்டேட்மென்ட்டில் எல்லாரும் பற்றுப் பக்கத்தை மட்டும் கூட்டுவார்கள். வரவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும் சார்! ஆறு பேர் பிரியாணி சாப்பிட்டார்கள். பில் 1,380. இவள் மொத்தமாகக் கட்டினாள். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு 230 இவளுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அது 1,150. பதினோரு பேருக்கு நோட்ஸ் ஜெராக்ஸ் 1,606. பத்துப் பேர் தலைக்கு 146 அனுப்பினார்கள். அது 1,460. ஆக, 2,610 ரூபாய் அடுத்தவர் செலவு. அக்கவுண்ட் வழியாகப் போனது, அவ்வளவுதான்.

இதைச் சரிபார்க்க ஒரே ஒரு கணக்கு போதும். ஆரம்ப இருப்பு 412. அப்பா அனுப்பியது 7,000. சிநேகிதர்கள் திருப்பியது 2,610. மொத்தம் 10,022. அதில் செலவு 9,960 போக மீதி 62. ஸ்டேட்மென்ட்டின் கடைசி வரியிலும் அதே 62! எங்கிருந்தும் மர்மப் பணம் வரவில்லை. அடுத்தவர் பங்கைக் கழித்தால் இவள் சொந்தச் செலவு 7,350. அத்தானின் ஏழாயிரமும் பழைய இருப்பில் 350-ம்.

அத்தான் முகம் கொஞ்சம் தெளிந்தது. "சரி, அந்த ஏழாயிரத்து முந்நூத்தம்பது எங்க போச்சு?" என்றார்.

அதில் பெரிய தலை மெஸ் பில், 3,304. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த ஹாஸ்டலில் டிவைடிங் சிஸ்டம். அரிசி, காய்கறி, கேஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் மாசக் கடைசியில் கூட்டி, மொத்தப் பேரும் சாப்பிட்ட நாட்களால் வகுத்து, நாளுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். ஜூலைக்கு நாளுக்கு 118. இவளுக்கு 28 நாள். ஆகஸ்டில் கட்டியது ஜூலையில் சாப்பிட்டதற்கு! ஆகஸ்ட் சாப்பாட்டுக்குச் செப்டம்பரில்தான் பில் வரும். எவ்வளவு என்பது அன்றுவரை யாருக்கும் தெரியாது.

மற்றது: பரீட்சை ஃபீஸ் 1,150. சுதந்திர தின லீவுக்கு ஊருக்கு வந்து போன பஸ் 640. ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ் 486. சோப்பு, ஷாம்பு, மருந்துக்கடை 415. போன் ரீசார்ஜ் 299 (28 நாளைக்கு ஒரு தடவை என்பதால் வருஷத்துக்கு 13 'மாசம்' ஆகிறது, கவனித்தீர்களா?). டீ, ஸ்நாக்ஸ், பிரியாணிப் பங்கு, ராத்திரி டிபன் எல்லாம் சேர்த்து 1,056.

"அப்ப ஒண்ணும் தப்பில்ல. அதுலயும் பாரு மாப்ளே, 24-ஆம் தேதியில இருந்து ஒத்த ரூவா எடுக்கல. கெட்டிக்காரி!" என்றார் அத்தான், பெருமையாக.

எனக்கு அங்கேதான் இடித்தது.

எட்டு நாள். ஒரு டீ கூட இல்லை. காலேஜ் பிள்ளையின் கணக்கு அப்படி இருக்காது. தொகையை விட்டுவிட்டுத் தேதிகளைப் பார்த்தேன். 3-ஆம் தேதி ராத்திரி எட்டரைக்கு ஒரு தோசைக் கடையில் 70 ரூபாய். 10-ஆம் தேதி அதே கடை, 80. இரண்டும் ஞாயிற்றுக்கிழமை. 17-ஆம் தேதி ஊரிலிருந்து திரும்பும்போது அக்கா கட்டிக் கொடுத்த இட்லி இருந்திருக்கும். 24, 31... இரண்டும் ஞாயிறுதான். தோசைக் கடையைக் காணோம்.

தனியாக மாடிக்குப் போய் மறுபடி போன் போட்டேன்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை ராத்திரி மெஸ் உண்டா?"

"கிடையாது மாமா. மத்தியானத்தோட சரி."

"அப்ப 24-ஆம் தேதி என்ன சாப்பிட்டே?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ரூம்மேட்கிட்ட பன் இருந்துச்சு மாமா."

"31?"

"தண்ணி குடிச்சிட்டுப் படுத்துட்டேன். அப்பாகிட்ட சொல்லாதீங்க. கேட்டா 'எதுக்கு'ம்பாங்க. பரீட்சை ஃபீஸுக்குத் திடீர்னு 21-ஆம் தேதி நோட்டீஸ் போட்டாங்க, கட்டிட்டேன். அதான்."

சொல்லாமல் எப்படி இருப்பது? சொன்னேன். அத்தான் கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ரொம்ப நேரம் கல்லாப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நாங்கள் செய்தது மூன்றே காரியம். கடைக்குச் சரக்கு வாங்கும் பணத்தில் தீபாவளி போனஸ் கொடுக்க மாட்டார் அத்தான், அதற்குத் தனியாக எடுத்து வைப்பார். அதே மாதிரி பரீட்சை ஃபீஸும் ஊருக்கு வரும் டிக்கெட்டும் மாசப் பணத்தில் சேராது, தனியாக அனுப்புவது. இரண்டாவது, ஏழாயிரத்தை ஒண்ணாம் தேதி ஐயாயிரம், 16-ஆம் தேதி இரண்டாயிரம் என்று பிரிப்பது. மெஸ் பில் முதல் தவணையிலேயே முடிந்துவிடும், கடைசி வாரம் வறளாது. மூன்றாவது, அவள் எல்லாச் செலவையும் எழுத வேண்டாம். அடுத்தவருக்காகக் கட்டியதை மட்டும் ஒரு நோட்டில் குறித்து, பணம் வந்ததும் அடித்துவிட வேண்டியது. நூறு, இருநூறு இடித்தால் விட்டுவிட வேண்டியது. அந்த வயதில் அந்த அளவுக்காவது ஒரு ரகசியம் வேண்டாமா?

அத்தான் இப்போது ஸ்டேட்மென்ட் கேட்பதில்லை. 22-ஆம் தேதி வாக்கில் போன் போட்டு, "கையில எவ்ளோ இருக்கு?" என்று மட்டும் கேட்கிறார். 'எவ்வளவு செலவழிச்சே?' என்று கேட்டால் பிள்ளைகள் பதில் தயார் பண்ணுவார்கள். 'எவ்வளவு இருக்கு?' என்றால் ஒரே ஒரு நம்பர்தான் பதில்.

ஆடிட் ஃபீஸாக எனக்கு அரைக் கிலோ கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கிடைத்தது. அதை அத்தான் எந்தக் கணக்கில் எழுதினார் என்று நான் கேட்கவில்லை!